ஆளில்லாமல் ஓடிய பன்னிரண்டு பிரஸ்

ஃபோர்மேனுக்கு ரப்பர் தெரியும், காகிதம் தெரியாது. கலவையை விரலால் கிள்ளிப் பார்த்தே வெந்துவிடுமா, வேகாமல் காலை வாருமா என்று சொல்லிவிடுவார். ஆனால் நாலு கட்டம் போட்ட ஒரு தாளை நீட்டினால் போதும், பல் பிடுங்க வந்தவர் மாதிரி முகம் கோணிப் போகும். கை எப்போதும் எண்ணெய். தாளைத் தொட்டால் தாள் பாழ், தொடாவிட்டால் வேலை பாழ். இதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கதையில் எல்லா வினைக்கும் விதை.

குழாய் மூட்டுகளுக்கு வைக்கும் ரப்பர் வளையங்களும், நீளமான ரப்பர் ஹோஸ்களும் செய்கிற சின்னத் தொழிற்சாலை அது. வளையப் பிரிவு ஃபோர்மேனுடையது. பன்னிரண்டு பிரஸ். பிரஸ் என்றால் வேறொன்றுமில்லை, நீராவி சூடேற்றிய இரண்டு இரும்புத் தட்டுகள். நடுவில் அச்சை வைத்து ரப்பரைப் போட்டு இறுக்கினால், பத்து நிமிஷத்தில் பதினாறு வளையம் வெந்து வெளியே வரும். அந்தப் பன்னிரண்டையும் நம்பி இருபத்தாறு பேர் இருந்தார்கள். நீராவி கொடுக்கும் பாய்லர் ஒன்றே ஒன்று. அது வளையப் பிரிவுக்கும் ஹோஸ் பிரிவுக்கும் பொது.

ஒரு பாய்லருக்கு இரண்டு வாய் இருந்தால், எந்த வாய் எவ்வளவு தின்றது என்று யாராவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் மணித்தாள். எந்தப் பிரஸ் எத்தனை மணி ஓடியது என்று தினமும் எழுதி, பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மணிகளை வைத்துத்தான் பாய்லர் செலவையும், பராமரிப்புச் செலவையும், பொது மின்சாரத்தையும் இரண்டு பிரிவுக்கும் பங்கு பிரிப்பார்கள். மணி கூடினால் பங்கும் கூடும், வளையத்தின் அடக்கவிலையும் ஏறும்.

ஃபோர்மேன் என்ன செய்தார்? அன்றன்றைய மணியை ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். அச்சடித்த மணித்தாள்களை மாதம் பிறந்ததும் மொத்தமாக வாங்கி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முப்பது வெறும் தாளிலும் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். "நீங்க பார்த்து எழுதிக்குங்க சம்பந்தி. உங்க பேனா, என் கையெழுத்து" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார் வேறு.

சம்பந்தி என்பது அடக்கவிலைக் கணக்கர். தொழிற்சாலை முழுக்க அவருக்குப் பெயர் தசமம். எதைக் கேட்டாலும் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் சொல்லித்தான் நிறுத்துவார். ஒரு வளையத்துக்கு எவ்வளவு ரப்பர் என்றால் நாற்பத்திரண்டு புள்ளி ஒன்று எட்டு ஆறு கிராம் என்பார். பதினெட்டு வருஷமாக ஃபோர்மேனும் அவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள். ஃபோர்மேனின் ஒரே மகள் படித்துவிட்டு அவர் கீழேயே கணக்கெழுத வந்தாள். எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். மூன்று வருஷம் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணை எங்க வீட்டுக்கே குடுத்துடுங்களேன்" என்று தசமமே வாய்விட்டுக் கேட்டார். கரும்பு தின்னக் கூலியா கேட்பார்கள்? போன வருஷம் தசமத்தின் மகனோடு கல்யாணம் ஆயிற்று. அன்றைக்கு முதலாளி வளையப் பிரிவுக்கே விடுமுறை விட்டார். இருபத்தாறு பேரும் வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகும் மகள் வேலையை விடவில்லை. காலையில் மாமனார் வண்டியில் வந்து இறங்குவாள். ஃபோர்மேன் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். வாசலில் அவள் கை அசைத்தால் அன்றைய பொழுது அவருக்கு நல்ல பொழுது.

அந்த வருஷம் விற்பனை ஏறிப் போனதில் ஒரு புதுச் சங்கடம் வந்தது. இந்த மாதிரிச் சரக்குச் செய்கிறவர்கள் ஓர் அளவு தாண்டினால் அடக்கவிலைப் பதிவேடுகள் வைத்தாக வேண்டும். இன்னும் தாண்டினால் வெளியாள் வந்து அவற்றைத் தணிக்கையும் செய்ய வேண்டும். முதல் அளவை எப்போதோ தாண்டியாயிற்று. இரண்டாவதைத் தாண்டியது அந்த வருஷம்தான். ஊருக்கெல்லாம் விற்பனை ஏறினால் சந்தோஷம், நம்மவர்களுக்குத் தணிக்கை.

அதோடு முதலாளி இன்னொன்றையும் சொன்னார். ஃபோர்மேனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னதால், நல்ல சேதி இல்லை என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"நம்ம வளையம் ஒண்ணு பதிமூணு ரூபா பத்து காசு அடக்கம் ஆகுது. வெளியில ஒருத்தன் பன்னண்டு எழுபதுக்குத் தரேங்கிறான். மாதிரியும் குடுத்திருக்கான், நல்லாத்தான் இருக்கு. நான் எதுக்கு நாப்பது காசு நஷ்டத்துல இருபத்தாறு பேரை வச்சு ஓட்டணும்?"

"நம்ம பிரஸ்ல அவ்வளவு ஆகாதுங்க முதலாளி."

"நீ சொல்ற, கணக்கு வேற சொல்லுது. தணிக்கை முடியட்டும். அவங்களும் பதிமூணு பத்துதான்னு சொல்லிட்டா, பிரிவை மூடிட்டு வெளியில வாங்கிக்கலாம். மனசுல வச்சுக்கோ, யார்கிட்டயும் சொல்லாத."

ஃபோர்மேன் யாரிடமும் சொல்லவில்லை, தசமத்திடம் மட்டும் சொன்னார். தசமம் அவர் தோளைத் தட்டி, "என்ன சம்பந்தி பண்றது, கணக்குல மனசுக்கு இடமில்லையே" என்றார். அந்த ஆறுதலை நினைத்து ஃபோர்மேன் இரண்டு நாள் நெகிழ்ந்து கிடந்தார் என்பதை இப்போது எழுதும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

தணிக்கைக்கு வந்த அம்மாள் ஐம்பதைத் தாண்டியவர். ஓடுகிறவர்கள் போடும் ஷூ போட்டிருந்தார். அலுவலகத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார் என்று பார்த்தால், முதல் நாள் முழுக்கக் கிடங்கிலேயே நின்றார். ரப்பர் எவ்வளவு வந்தது, எவ்வளவு வெளியே கொடுத்தது, மிச்சம் எவ்வளவு என்று பதிவேட்டில் பார்த்துவிட்டு மூட்டைகளையும் எண்ணினார். இரண்டாம் நாள் பாய்லர். எவ்வளவு எரிபொருள் போட்டார்கள், எவ்வளவு சாம்பல் அள்ளினார்கள் என்று கேட்டார். கழித்துப் போட்ட வளையங்களை எடை போட்டு விற்றது எங்கே வரவு வைத்திருக்கிறது, அடக்கவிலையில் அதைக் கழித்தீர்களா என்று கேட்டார். பொதுச் செலவைப் பங்கு போடும் வழி அதற்கு முந்தின வருஷமும் இதேதானா என்றார். கடைசியில் அடக்கவிலைக் கணக்கில் வந்த லாபமும் நிதிக் கணக்கில் வந்த லாபமும் ஏன் வேறுபடுகின்றன என்று வரிவரியாகச் சேர்த்துக் காட்டச் சொன்னார். தசமம் மூன்று இலக்கத்தோடு பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் கோப்புக்கு மேல் கோப்பாகக் கொண்டுவந்து வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை ஃபோர்மேனைக் கூப்பிட்டார்கள். அறையில் தணிக்கை அம்மாளும் தசமமும் இருந்தார்கள். மேஜையில் மணித்தாள் கட்டு இருந்தது.

"உக்காருங்க சார். ஒரு மணி நேரத்துல ஒரு பிரஸ் எத்தனை வளையம் போடும்?"

"தொண்ணூத்தாறு, மேடம். பத்து நிமிஷத்துக்குப் பதினாறு."

"நூறு போட்டா எத்தனை கழியும்?"

"நாலு. அஞ்சு ஆனா நானே கத்துவேன்."

அம்மாள் தாளில் எழுதிக் காட்டினார். "போன வருஷம் நல்ல வளையம் முப்பத்தாறு லட்சம். கழிஞ்சதையும் சேர்த்தா முப்பத்தேழரை லட்சம் போட்டிருக்கீங்க. தொண்ணூத்தாறால வகுத்தா முப்பத்தொன்பதாயிரம் மணி. உங்க மணித்தாள்ல அம்பத்து மூவாயிரம் இருக்கு. மிச்சப் பதினாலாயிரம் மணி எங்க போச்சு?"

ஃபோர்மேன் தசமத்தைப் பார்த்தார். தசமம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் புரியல மேடம்."

"ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். ஒண்ணு, பிரஸ் சூடாகி வேலையில்லாம நின்னிருக்கணும். அப்படின்னா நீராவி நிஜமாவே செலவாகியிருக்கு, பிரிவு சரியா நடக்கலன்னு அர்த்தம், பதிமூணு பத்து நிஜம்தான். இல்லன்னா இந்தத் தாள் பொய். அப்படின்னா ஹோஸ் பிரிவோட செலவு உங்க தலையில விழுந்திருக்கு. மணியைச் சரியாப் போட்டா உங்க வளையம் பன்னண்டு நாப்பத்தெட்டுதான் வருது."

பன்னிரண்டு நாற்பத்தெட்டு. வெளியாள் விலையைவிடக் குறைவு. ஃபோர்மேனுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"இதையும் பாருங்க" என்று அம்மாள் ஒரு தாளை உருவினார். "தாளை எல்லாம் சம்பளத்துக்கு வச்சிருக்கிற வருகைப் பதிவேட்டோட ஒத்துப் பார்த்தேன். இந்தத் தேதியில உங்க பிரிவுல ஒருத்தர்கூட வேலைக்கு வரல. ஆனா பன்னண்டு பிரஸ்ஸும் தலா பதினஞ்சு மணி ஓடியிருக்கு. கீழ உங்க கையெழுத்து இருக்கு. அன்னைக்கு நீங்களும் லீவு."

அது மகளின் கல்யாண நாள்.

ஃபோர்மேன் தாளைக் கையில் வாங்கினார். எண்ணெய்க் கை பட்டுத் தாள் கறுத்தது, அவர் கவனிக்கவில்லை. கையெழுத்து அவருடையதுதான். மேலே கட்டங்களில் இருந்த எண்களைப் பார்த்தார். எட்டு என்றால் வளைத்து எழுதாமல், ஒரு சின்ன வட்டத்தின் மேல் இன்னொரு சின்ன வட்டத்தை வைத்தது மாதிரி ஓர் எட்டு. அந்த எட்டை இரண்டாம் வகுப்பிலிருந்து அவருக்குத் தெரியும். 'இது என்னடி, எட்டா, ரெண்டு வடையை அடுக்கி வச்சதா' என்று எத்தனை முறை கேலி செய்திருக்கிறார். அடுத்த தாளிலும் அதே எட்டு. கட்டு முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரு வருஷத்துத் தாள்களை யாரோ உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

"மத்தியானம் முதலாளி முன்னால பேசிக்கலாம்" என்றார் அம்மாள். "யோசிச்சு வைங்க. நான் சொல்றதை விட நீங்க சொல்றதுதான் முக்கியம்."

வெளியே வந்ததும் தசமம் அவர் முழங்கையைப் பிடித்தார். "சம்பந்தி, ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அந்த ஒரு நாள் தேதி மாறிப்போச்சுன்னு சொல்லிடுங்க. மத்த நாளெல்லாம் பிரஸ் பழசு, சூடு ஏற நேரமாகுது, சும்மா நிக்குதுன்னு சொல்லிடுங்க. முடிஞ்சு போச்சு."

"துண்டுச் சீட்டு எல்லாம் எங்க?"

"அதெல்லாம் யாரு வச்சிருப்பா?"

ஃபோர்மேன் கையை உதறிவிட்டு நடந்தார். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கையை அவர் உதறியது அன்றைக்குத்தான்.

அச்சுகளை அடுக்கி வைக்கும் அறைக்குப் போய் நின்றார். சுவர் முழுக்க இரும்பு அலமாரி, கனமான அச்சுகள், ஒவ்வொன்றிலும் அளவு பொறித்திருக்கும். ஆத்திரம் வந்தால் அவர் அங்கேதான் போவார், யாரும் வர மாட்டார்கள். அன்றைக்கு மகள் வந்தாள்.

"அப்பா."

அவர் திரும்பவில்லை. "நீதானே எழுதின?"

"ஆமாம்ப்பா." மறைக்கவில்லை. அதுவரைக்கும் இல்லை என்று சொல்ல மாட்டாளா என்று ஏங்கிய மனசு இடிந்து உட்கார்ந்தது. "மாமா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வருஷக் கடைசியில ரெண்டு வாரம் வீட்ல உக்காந்து எழுதினோம்."

"உன் கல்யாணத் தேதியைக்கூடவா பார்க்கல?"

"தேதி எல்லாம் பார்க்கலப்பா. கை வலிச்சுது, சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு."

அப்போதுதான் ஃபோர்மேன் திரும்பினார். "எதுக்குடி?"

மகள் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள். வளையத்தைப் பன்னிரண்டு எழுபதுக்குத் தருகிறேன் என்ற வெளியாள் வேறு யாரும் இல்லை, அவள் புருஷன்தான். நிறுவனம் அவள் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை, பழைய பிரஸ் எட்டு, கடன் வாங்கிப் போட்டாயிற்று. மாதிரி வளையம் செய்ததும் அங்கேதான். இந்தப் பிரிவு மூடினால் ஆர்டர் முழுக்க அங்கே வரும். மூடாவிட்டால் கடன் மென்னியைப் பிடிக்கும்.

"நீங்களும் அங்க வந்துடுங்கப்பா. உங்களுக்குத்தான் இந்த வேலை தெரியும். உங்களை நம்பித்தான் ஆரம்பிச்சோம்."

"என் ஆளுங்க இருபத்தாறு பேரு?"

"அவ்வளவு பேர் எதுக்குப்பா? எட்டுப் பிரஸ்தானே. புதுசா ஆள் எடுத்தாச் சம்பளமும் கம்மி." பிறகு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, அவங்க உங்க ஆளுங்க. நான் உங்க மக" என்றாள்.

வேலியே பயிரை மேய்ந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது. தசமம் செய்தது துரோகம், சரி. அது அயலார் செய்கிற துரோகம், சோறு தின்ற இடத்தில் கை வைத்த துரோகம். உலகத்தில் இல்லாததா? ஆனால் இவள்? இவள் காய்ச்சலில் கிடந்தபோது தூக்கிக்கொண்டு மூன்று தெரு ஓடிய அதே உடம்பு இப்போது அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றது. 'என்கிட்ட ஏன் முன்னாடியே கேட்கல' என்று கேட்க நினைத்தார். கேட்டால், 'கேட்டிருந்தா வேணாம்னிருப்பீங்க' என்று சொல்வாள். அது உண்மையும்கூட. அதனால் கேட்கவில்லை.

"மத்தியானம் என்னப்பா சொல்லப் போறீங்க?"

"போ. வேலையைப் பாரு."

சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி அறையில் கூடினார்கள். முதலாளி, தணிக்கை அம்மாள், தசமம், ஃபோர்மேன். கோப்பு எடுத்துக் கொடுக்க மகளும் நின்றாள். ஃபோர்மேன் மனதுக்குள் ஒரு வழி பண்ணி வைத்திருந்தார். வெறும் தாளில் கையெழுத்துப் போட்டேன், தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுவது. யார் நிரப்பினார்கள் என்று கேட்டால் தெரியாது என்பது. பிரிவும் பிழைக்கும், மகளும் பிழைப்பாள், போனால் அவர் வேலை போகும். அவ்வளவுதானே? போகட்டும்.

அம்மாள் கணக்கை முதலாளிக்கு விளக்கினார். முப்பத்தொன்பது, ஐம்பத்து மூன்று, கல்யாண நாள். முதலாளியின் முகம் சிவந்தது.

"நான் கணக்கை மாத்தி எழுத முடியாது. அது என் வேலை இல்ல" என்றார் அம்மாள். "இந்த வித்தியாசத்துக்கு நிர்வாகம் காரணம் சொல்லணும். மணி நிஜமா, பொய்யா? பொய்னா திருத்திப் புதுசாத் தயார் பண்ணுங்க. இல்லன்னா என் அறிக்கையில குறையா எழுத வேண்டியிருக்கும். தாளை யார் எழுதினது?"

ஃபோர்மேன் வாயைத் திறந்தார். அதற்குள் அலமாரிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அப்பாதான் எழுதினாங்க மேடம்."

அறையே திரும்பிப் பார்த்தது. மகள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தசமம் தலை குனிந்திருந்தார். ஆக, பேசி வைத்துக்கொண்ட பேச்சு.

"தினமும் அப்பாவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புவாங்க. பிரஸ் எல்லாம் பழசு, சும்மா சூடாகிட்டே நிக்கும்னு வீட்லயும் சொல்லியிருக்காங்க. கல்யாண நாள் அன்னைக்கு மட்டும் தேதி மாத்தி எழுதிட்டாங்க போல." குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. "அப்பா எழுத்து எனக்குத் தெரியாதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவள் பெற்றவனையே போட்டு மூடினாள். வேலை போனால் போகட்டும் என்று அவளுக்காக நின்றவனைத் திருடன் என்று கை காட்டிவிட்டாள். ஃபோர்மேனுக்குக் கோபம் வரவில்லை. இவளுக்கு நான் யார் என்று ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது.

"அப்படியா சார்?" என்றார் அம்மாள்.

ஃபோர்மேன் எழுந்து நின்றார். உட்கார்ந்து சொல்ல முடியாது என்று தோன்றியது.

"கையெழுத்து என்னுது மேடம். மாசம் பிறந்தா வெறும் தாள்ல போட்டுக் குடுத்துடுவேன். அது என் தப்பு. பிரஸ் எதுவும் சும்மா நிக்கல. ஒரு நிமிஷம்கூட நான் சும்மா நிக்க விட மாட்டேன்." மேஜை மேல் இருந்த தாளைக் காட்டினார். "எழுத்து என் மகளோடது."

"அப்பா!"

அம்மாள் அவளைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த ரப்பர் இருப்புப் பதிவேட்டை இழுத்தார். மூன்று நாளாக அவர் புரட்டிக்கொண்டிருந்த பதிவேடு அது. மகள் பொறுப்பில் இருப்பது, ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே அவள் சுருக்கொப்பம் இருக்கும். ஒரு பக்கத்தைத் திறந்து பக்கத்தில் மணித்தாளை வைத்தார். எட்டுகள் வரிசையாக நின்றன, வட்டத்தின் மேல் வட்டம். முதலாளி குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த வெளியாள் யாருன்னும் கேட்டுக்குங்க முதலாளி" என்றார் ஃபோர்மேன். "நான் சொல்ல மாட்டேன். அவங்களே சொல்லட்டும்."

உப்பைத் தின்றவர்கள் அன்றைக்கு அந்த அறையிலேயே தண்ணீர் குடித்தார்கள். தசமம் மூன்று இலக்கம் எதுவும் இல்லாமல், முழு எண்ணாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வெளியில் வாங்கும் பேச்சு அங்கேயே முடிந்தது. மணித்தாள்கள் உற்பத்திக் கணக்கை வைத்துத் திருத்தப்படும், இனிமேல் அந்தந்த ஷிஃப்டில் அந்தந்தப் பிரஸ்காரரே எழுத வேண்டும், துண்டுச் சீட்டும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று அம்மாள் எழுதிக் கொடுத்தார். வளையப் பிரிவு மூடப்படாது என்றார் முதலாளி. ஃபோர்மேனைப் பார்த்து, "உன்னை என்ன பண்றதுன்னு யோசிக்கணும். இப்போதைக்குப் போ" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அதுவே பெரிய தயவு.

மகள் பையை எடுத்துக்கொண்டு மாமனாரோடு வாசலைத் தாண்டினாள். ஃபோர்மேன் ஜன்னலண்டை நின்றார். அவள் ஒரு தரம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. கை அசைக்கவில்லை, திட்டவும் இல்லை. மாமனார் வண்டியைக் கிளப்பினார், ஏறிக்கொண்டாள். இனி எந்த வீட்டுக் கதவை எந்த முகத்தோடு தட்டுவது என்று ஃபோர்மேனுக்குத் தெரியவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டைக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறார். கடன் அவள் பெயரில் இருக்கிறது. அழ வேண்டும் போல இருந்தது. ஆனாலும் உள்ளே ஒரு மூலையில், இருபத்தாறு பேரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற ஒரு சூடு மட்டும் அணையாமல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பிரிவுக்குள் நடந்தார்.

சேதி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. தொழிற்சாலையில் நீராவியைவிட வேகமாக ஓடுவது அதுதான். பிரஸ்கள் மூடித் திறந்துகொண்டிருந்தன. யாரும் கிட்ட வரவில்லை. நாலாம் பிரஸ்ஸில் நிற்கிறவர் அங்கே எல்லாருக்கும் மூத்தவர். ஃபோர்மேனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். நாலாம் நம்பர் என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் கையுறையைக் கழற்றாமல் கேட்டார்.

"நெஜமாண்ணே? நம்ம பிரிவை மூடப் பார்த்தாங்களாமே?"

"இனிமே மூட மாட்டாங்க. சொல்லிட்டேன், எல்லாத்தையும் சொல்லிட்டேன்." ஃபோர்மேன் இன்னும் கிட்டப் போனார். "பெத்த பொண்ணைக்கூடப் பார்க்காம சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அது கேள்விப்பட்டோம். பெரிய மனசுதான்." நாலாம் நம்பர் ஒரு கணம் தரையைப் பார்த்தார். "வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னும் சொல்றாங்களே, அதுவும் நெஜமா?"

"ஆமா. கையெல்லாம் எண்ணெய்... தினம் தினம் எங்க எழுதிட்டு..."

"வருஷம் பூரா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே. நாலஞ்சு வருஷமா."

பக்கத்துப் பிரஸ்காரர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் தலை நிமிரவில்லை. பத்து நிமிஷம் முடிந்து நாலாம் பிரஸ் திறந்தது. உள்ளே பதினாறு வளையமும் ஒழுங்காக வெந்திருந்தன. நாலாம் நம்பர் ஒவ்வொன்றாக உரித்து எடுத்துத் தட்டில் போட்டார். பிறகு, சத்தம் போடாமல், கோபமும் இல்லாமல், சாதாரணமாகக் கேட்டார்.

"தினமும் நாங்க எத்தனை மணி நின்னு வேலை பார்த்தோம்னு எழுதுற தாள் அது. எங்க மணியை எழுதாமலே எதுக்குண்ணே கையெழுத்துப் போட்டீங்க?"

ஃபோர்மேன் அவர் முகத்தைப் பார்த்தார். மகள் சொன்ன பொய்யை அவரால் மறுக்க முடிந்திருந்தது. நாலாம் நம்பர் கேட்டதில் பொய் எதுவும் இல்லை.